ஒரே கடைக்கு எத்தனை கிலோமீட்டர் வட்டம்?

"எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். புது சைக்கிளும் விற்கிறேன், பழுதும் பார்க்கிறேன். ஒரு மாதமாகக் கூகுள் தேடலில் விளம்பரம் ஓடுகிறது. ஊர்ப் பெயரைப் போட்டுச் சுற்றி 20 கி.மீ. வைத்தேன். போன் வருகிறது, ஆனால் பாதிப் பேர் 'அவ்வளவு தூரமா?' என்று கேட்டு வைத்துவிடுகிறார்கள். அதே சமயம் கடை வாசலில் நின்று நானே தேடினால் பல நேரம் என் விளம்பரம் தெரிவதில்லை. கடைக்குக் கிழக்கே 2 கி.மீ.யில் ஆறு ஓடுகிறது. பாலம் வடக்கே 7 கி.மீ. தள்ளி இருக்கிறது. வட்டத்தை எவ்வளவு வைக்கலாம்? அமைப்புப் பக்கத்தின் படத்தையும், இரண்டு மாத பில்லில் இருந்து எடுத்த 80 வாடிக்கையாளர்களின் பகுதிப் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன்."

முதலில் அந்தப் படத்தைப் பார்ப்போம். தூரம் எழுதும் பெட்டியில் 20 என்று இருக்கிறது, சரி. அதற்கு அடுத்த சின்னப் பெட்டியில் `km` இல்லை, `mi` என்று இருக்கிறது. நீங்கள் வைத்தது 20 கிலோமீட்டர் அல்ல, 20 மைல். அதாவது 32 கி.மீ. இந்தப் பெட்டி திறக்கும்போதே பெரும்பாலும் மைலில்தான் இருக்கும், நாம்தான் மாற்ற வேண்டும். 32-க்கும் 20-க்கும் 12 கி.மீ.தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் நாம் கணக்குப் பார்க்க வேண்டியது கோட்டின் நீளத்தை அல்ல, வட்டத்தின் பரப்பை. 20 கி.மீ. ஆரமுள்ள வட்டம் சுமார் 1,257 சதுர கி.மீ. 20 மைல் ஆரமுள்ள வட்டம் சுமார் 3,250 சதுர கி.மீ. நீங்கள் நினைத்ததைப் போல இரண்டரை மடங்கு நிலத்துக்கு உங்கள் பணம் பரவிக் கிடந்திருக்கிறது. 5 கி.மீ. வட்டத்தோடு ஒப்பிட்டால் 40 மடங்குக்கும் மேல்.

கடை வாசலில் விளம்பரம் தெரியாமல் போவதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு நாளைக்கு நீங்கள் ஒதுக்கிய தொகை அந்த 3,250 சதுர கி.மீ.யில் நடக்கும் எல்லாத் தேடல்களுக்கும் போதாது. அதனால் கூகுள் சில தேடல்களுக்குக் காட்டுகிறது, பலவற்றுக்குக் காட்டாமல் விடுகிறது. காட்டாமல் விட்டவர்களில் அடுத்த தெருக்காரரும் இருப்பார், 30 கி.மீ. தள்ளி இருப்பவரும் இருப்பார். இதை ஊகிக்க வேண்டாம், அறிக்கையிலேயே பார்க்கலாம். அறிக்கை அட்டவணையில் `Search lost IS (budget)` என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் விளம்பரம் தகுதி பெற்றும் பணம் போதாமல் எத்தனை சதவீத வாய்ப்புகள் தவறின என்று அது சொல்லும். இந்த எண்ணைப் பின்னால் மறுபடி எடுப்போம், வட்டத்தைக் கூட்டவா குறைக்கவா என்று முடிவு செய்ய அதுதான் உதவும். அப்புறம், வாசலில் நின்று திரும்பத் திரும்பத் தேடிப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் சொடுக்கப் போவதில்லை என்றாலும் அது காட்டிய கணக்கில் ஏறி, உங்கள் புள்ளிவிவரத்தைக் குழப்பும். கணக்கிலேயே `Ad Preview and Diagnosis` என்று ஒரு கருவி இருக்கிறது. இடத்தையும் தேடும் சொல்லையும் கொடுத்தால் விளம்பரம் வருகிறதா என்று காட்டும், கணக்கும் கெடாது.

இரண்டாவது பிழை உங்கள் கவனக்குறைவு இல்லை. இட அமைப்புக்குக் கீழே `Location options` என்று மடித்து வைத்த ஒரு பகுதி இருக்கும். படத்தில் அதை நீங்கள் திறக்கவே இல்லை. திறக்காவிட்டால் அங்கே `Presence or interest` என்பது தேர்வாகி இருக்கும். வட்டத்துக்குள் இருப்பவர்கள், அடிக்கடி வந்து போகிறவர்கள், இவர்களோடு அந்த இடத்தின் மேல் ஆர்வம் காட்டியவர்களும் அதில் சேர்த்தி. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு எதையாவது தேடிய ஒருவர் 300 கி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு உங்கள் விளம்பரம் போகலாம். அவர் சொடுக்கினால் உங்களுக்குச் செலவு. சுற்றுலாத் தலத்தில் விடுதி நடத்துகிறவருக்கு இது பொருத்தமான அமைப்பு, வெளியூர்க்காரர்தான் அவருக்கு வாடிக்கையாளர். பஞ்சர் ஒட்டுகிற கடைக்கு இது வேண்டாம். `Presence` என்பதற்கு மாற்றுங்கள். அப்போது வட்டத்துக்குள் இருப்பவர்களும் அங்கே வழக்கமாக வந்து போகிறவர்களும் மட்டும் இருப்பார்கள். வேறு ஊரில் குடியிருந்து உங்கள் ஊரில் வேலை பார்ப்பவர் இந்தக் கடைசி வகையில் வருவார், அவர் உங்களுக்கு வேண்டியவர்தான்.

இதில் ஒரு இழப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் இருக்கும் ஒரு அப்பா, உங்கள் ஊரில் தங்கிப் படிக்கும் மகளுக்குச் சைக்கிள் வாங்கத் தேடினால், இந்த மாற்றத்துக்குப் பிறகு உங்கள் விளம்பரம் அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பில்லைப் பாருங்கள். கணிசமாக இருந்தால், ஊர்ப் பெயர் சேர்ந்த தேடல் சொற்களுக்கு மட்டும் சிறு தொகையில் தனியாக ஒரு விளம்பரம் வைக்கலாம். உங்கள் பட்டியலில் அந்த மாதிரி ஆள் யாரும் எனக்குத் தென்படவில்லை.

இனி வட்டத்துக்கு வருவோம். எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்கு உங்கள் பில் புத்தகம்தான் பதில் சொல்ல வேண்டும், நான் அதைப் படித்துச் சொல்கிறேன். 80 பேரையும் வரைபடத்தில் ஒவ்வொருவராகக் குறித்தேன். 3 கி.மீ.க்குள் 46 பேர், 3-இல் இருந்து 6 வரை 19 பேர், 6-இல் இருந்து 10 வரை 9 பேர், அதற்கும் அப்பால் 6 பேர். இதோடு நிறுத்தியிருந்தால் 6 கி.மீ. வட்டம் போடுங்கள் என்று எழுதி முடித்திருப்பேன். அது தப்பான ஆலோசனையாகப் போயிருக்கும், ஏனென்றால் உங்களிடம் இரண்டு வியாபாரம் இருக்கிறது.

பழுது பார்க்க வந்தவர்களை மட்டும் பிரித்தால் 58 பேர். அதில் 42 பேர் 3 கி.மீ.க்குள், 13 பேர் 3-6க்குள், 3 பேர்தான் அதைத் தாண்டி, அந்த மூவரும் 10-க்குள். 10 கி.மீ.யைத் தாண்டி ஒருவர்கூட இல்லை. காற்றுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு யார் அவ்வளவு தூரம் வருவார்கள்? புது சைக்கிள் வாங்கியவர்கள் 22 பேர். அவர்களில் 3 கி.மீ.க்குள் 4, 3-6க்குள் 6, 6-10க்குள் 6, அதற்கு அப்பால் 6. கிட்டத்தட்ட எல்லா தூரத்தில் இருந்தும் ஒரே அளவில் வந்திருக்கிறார்கள். வாங்குவது சில வருடத்துக்கு ஒருமுறை, அதற்காக ஒரு நாள் மெனக்கெடலாம் என்று மனிதர்கள் நினைக்கிறார்கள்.

ஆக, பழுது பார்ப்புக்கு ஒரு விளம்பரம், புது சைக்கிளுக்கு ஒரு விளம்பரம் என்று இரண்டாகப் பிரியுங்கள். கூகுள் தேடல் விளம்பரத்தில் இடம் என்பது `Campaign` அளவில் அமைகிற விஷயம். அதற்குள் இருக்கும் `Ad group` ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வட்டம் வைக்க முடியாது. இரண்டு வட்டம் வேண்டுமென்றால் இரண்டு `Campaign` வேண்டும். தேடல் சொற்களையும் அப்படியே பிரித்துவிடுங்கள். பஞ்சர், பிரேக், செயின், சர்வீஸ் எல்லாம் ஒரு பக்கம். விலை, புது, குழந்தைகள் சைக்கிள், கியர் சைக்கிள் எல்லாம் இன்னொரு பக்கம்.

பழுது பார்ப்புக்கு இப்போது வட்டம் போடலாம். பட்டியலைப் பார்த்தால் 5 கி.மீ. என்று வரும். ஆனால் உங்கள் ஊரில் ஆறு இருக்கிறது. கடைக்கு நேர் கிழக்கே 4 கி.மீ.யில் இருக்கும் வீடு, வட்டத்துக்கு வெறும் 4 கி.மீ. அந்த வீட்டுக்காரருக்கோ வடக்கே 7 போய்ப் பாலம் ஏறி மறுபடி 7 இறங்கி வர வேண்டும், மொத்தம் 18 கி.மீ. வட்டம் காக்கை பறக்கும் தூரத்தைத்தான் அளக்கும். ஆறு, ரயில் பாதை, மலை எதுவும் அதற்குத் தெரியாது. உங்கள் 58 பேரில் அக்கரையில் இருந்து ஒருவர்கூட இல்லை. ஆனால் போனில் "அவ்வளவு தூரமா?" என்று கேட்டவர்களில் அக்கரைக்காரர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

அக்கரையை விலக்கிவிட்டால் போதுமே என்று நினைப்பீர்கள். விலக்கலாம், ஆனால் பெயர் சொல்லி விலக்கத்தான் முடியும். பட்டியலில் இருக்கும் ஊரையோ அஞ்சல் பகுதியையோ `Exclude` கொடுக்கலாம், வட்டம் வரைந்து அதை விலக்க முடியாது. அக்கரையும் இக்கரையும் ஒரே ஊர்ப் பெயரில் இருந்தால் இக்கரையும் சேர்ந்து போய்விடும். இதற்கு நான் வழக்கமாகச் செய்வது வேறு. வட்டத்தின் மையம் கடையாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மையத்தைக் கடையில் இருந்து 2 கி.மீ. மேற்கே நகர்த்துங்கள், ஆரத்தை 4 கி.மீ. ஆக்குங்கள். இப்போது வட்டத்தின் கிழக்கு விளிம்பு கடையில் இருந்து சரியாக 2 கி.மீ., அதாவது ஆற்றங்கரையில் போய் நிற்கிறது. மேற்கே 6 கி.மீ. வரை போகிறது. கடைக்கு நேர் வடக்கிலும் தெற்கிலும் மூன்றரை கி.மீ.க்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. பரப்பு சுமார் 50 சதுர கி.மீ. கடையை மையமாக வைத்த 5 கி.மீ. வட்டம் சுமார் 79. சின்ன வட்டம்தான், ஆனால் அதில் ஏறக்குறைய முழுக்க உங்கள் கடைக்கு வரக்கூடிய நிலம்.

செய்யும் முறை இதுதான். செல்போன் வரைபடத்தில் கடைக்கு 2 கி.மீ. மேற்கே ஒரு புள்ளியை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இரண்டு எண்களாக வரும். அதை நகலெடுத்துக்கொள்ளுங்கள். விளம்பர அமைப்பில் `Locations`, அதில் `Enter another location`, அதில் `Advanced search`, அதில் `Radius`. ஊர்ப் பெயரை எழுதும் இடத்தில் அந்த எண்களை ஒட்டுங்கள், 4 என்று எழுதுங்கள், `mi`-ஐ `km` ஆக்குங்கள். வரைபடத்தில் வட்டம் வரும். சேமிக்கும் முன் அதைப் பெரிதாக்கி, விளிம்பு ஆற்றைத் தொட்டு நிற்கிறதா, கடை உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முன்பு ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தீர்கள் அல்லவா, அப்போது மையம் உங்கள் கடையில் இல்லை, ஊருக்கென்று வரைபடம் வைத்திருக்கும் நடுப்புள்ளியில் இருந்தது. முடித்ததும் மறக்காமல் பழைய 20 மைல் வட்டத்தை நீக்குங்கள். புதியதைச் சேர்த்தால் பழையது தானாகப் போகாது. இரண்டும் சேர்ந்தே ஓடும், எதுவும் மாறியிருக்காது.

புது சைக்கிளுக்கு அதே முறைதான், அளவு மட்டும் வேறு. மையம் 5 கி.மீ. மேற்கே, ஆரம் 7. கிழக்கு விளிம்பு மறுபடியும் ஆற்றில் நிற்கும், மேற்கே 12 வரை போகும். 10 கி.மீ.க்கு அப்பால் இருந்து வந்த 6 பேரை உற்றுப் பார்த்தேன். அவர்களில் 5 பேர் ஒரே இடம், மேற்கே நெடுஞ்சாலையில் 14 கி.மீ.யில் இருக்கும் அந்தச் சிறிய ஊர். அந்த 5 பேருக்காகக் கடையைச் சுற்றி 15 கி.மீ. வட்டம் போட்டால் 700 சதுர கி.மீ.க்கு மேல் ஆகிவிடும். அதற்குப் பதில் அந்த ஊரின் மேல் 3 கி.மீ.யில் தனி வட்டம் ஒன்று வையுங்கள், 28 சதுர கி.மீ.யோடு முடிந்தது. ஒரே `Campaign`-இல் இரண்டு வட்டமும் இருக்கலாம், ஓரத்தில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் பரவாயில்லை. அறிக்கையில் இரண்டும் தனித்தனி வரியாக வரும்.

அப்படியானால் பஞ்சருக்கு 1 கி.மீ. வைத்தால் இன்னும் மிச்சமாகுமே என்று சிலர் கேட்பார்கள். கூகுள் 1 கி.மீ. வரை அனுமதிக்கிறது, ஆனால் அவ்வளவு சின்ன வட்டத்தில் விளம்பரம் விட்டு விட்டுத்தான் வரும், சில நேரம் வராது. காரணம், ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கூகுளுக்குத் தெருக் கணக்கில் எப்போதும் தெரிவதில்லை. செல்போனில் இருப்பிடம் திறந்திருந்தால் நன்றாகத் தெரியும். வீட்டு இணையத்தில் கணினி வழியாகத் தேடுகிறவரை அவருடைய இணைய முகவரியை வைத்து மதிப்பிடுகிறது, அது சில சமயம் பக்கத்துப் பெரிய நகரத்தைக் காட்டிவிடும். உங்கள் எதிர் வீட்டுக்காரர் கணக்கில் 40 கி.மீ. தள்ளி இருப்பவராகப் பதிவாகலாம். அதனால் அறிக்கையில் வெளியூர்ப் பெயர் ஒன்றிரண்டு வந்தால் உடனே பதற வேண்டாம். உங்கள் ஊரைப் போன்ற இடத்தில் 3 கி.மீ.க்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

இரண்டு வாரம் எதையும் தொடாமல் ஓடவிடுங்கள். தினமும் மாற்றினால் எது எதனால் நடந்தது என்று தெரியாமல் போகும். அந்த இரண்டு வாரமும் போன் எடுக்கிறவர் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்: "எந்தப் பக்கம் இருந்து பேசுகிறீர்கள்?" பதிலைப் போன் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதட்டும், பழுதா புதுசா என்பதோடு. பிறகு அறிக்கைப் பகுதியில் `When and where ads showed` திறந்து `Matched locations` பாருங்கள். சொடுக்கியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கூகுள் கருதுகிறதோ அது அங்கே இருக்கும். நோட்டும் அதுவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். நோட்டில் "அவ்வளவு தூரமா?" இன்னும் வருகிறது என்றால் எந்தப் பகுதி என்று பார்த்து, அந்தப் பக்கம் விளிம்பை உள்ளே இழுங்கள்.

இப்போது முன்பு சொன்ன அந்தச் சதவீத எண்ணுக்கு வரலாம். `Search lost IS (budget)` இன்னும் 30, 40 சதவீதம் என்று நின்றால், இந்தச் சின்ன வட்டத்துக்கே பணம் போதவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் வட்டத்தை விரிப்பது வீண், பக்கத்தில் இருப்பவர்களுக்கே இன்னும் முழுதாகக் காட்டி முடிக்கவில்லை. தொகையைக் கூட்டுங்கள், அல்லது பழுது பார்ப்புத் தேடல் சொற்களில் உங்களுக்கு லாபம் இல்லாதவற்றை எடுத்துவிடுங்கள். அந்த எண் பூஜ்யத்தை ஒட்டி இருந்து, தினமும் பணமும் மிஞ்சுகிறது என்றால் வட்டம் நிரம்பிவிட்டது. அப்போது தாராளமாக விரிக்கலாம்.

விரிக்கும்போது ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். பில் புத்தகம் ஏற்கெனவே வந்தவர்களைத்தான் காட்டும். கடை இருப்பதே தெரியாமல் வராதவர்கள் அதில் இல்லை. வடக்கே 5 கி.மீ.யில் புதிய குடியிருப்புகள் இருக்கின்றன என்பது வரைபடத்தில் தெரிகிறது, உங்கள் பட்டியலில் அங்கிருந்து ஒருவரும் இல்லை. போக்குவரத்து சிரமமா, அல்லது உங்களைத் தெரியவில்லையா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அந்தக் குடியிருப்பின் மேல் 3 கி.மீ. வட்டம் ஒன்றைப் புது சைக்கிள் `Campaign`-இல் சேர்த்து ஒரு மாதம் பாருங்கள். பழுதுக்கு வேண்டாம். போன் வந்து, ஆளும் கடைக்கு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். போன் மட்டும் வந்தால் எடுத்துவிடுங்கள்.

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும் எண்ணம் இருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. அங்கேயும் ஊர்ப் பெயரை எழுதினால் அதைச் சுற்றிப் பெரிய வட்டம் தானாக வந்துவிடும், பெயரை வைத்து அதை ஓரளவுக்கு மேல் குறைக்கவும் விடாது. `Drop Pin` அழுத்திப் புள்ளி வைத்தால் மட்டுமே சின்ன வட்டம் கிடைக்கும். ஆனால் அங்கே யாரும் பஞ்சர் கடையைத் தேடிக்கொண்டு இருப்பதில்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் நீங்கள் படுகிறீர்கள். அதனால் அங்கே புது சைக்கிளை மட்டும் போடுங்கள், `Frequency` எண்ணைப் பாருங்கள். ஒரே ஆளுக்குச் சராசரியாக எத்தனை முறை காட்டியது என்று அது சொல்லும். சின்ன வட்டத்தில் அது சீக்கிரம் ஏறும். ஒரு வாரத்தில் நாலைந்தைத் தாண்டினால் படத்தை மாற்றுங்கள், இல்லை வட்டத்தைக் கொஞ்சம் விரியுங்கள்.

இன்றைக்கு முதலில் செய்ய வேண்டியவை இரண்டு: `mi`-ஐ `km` ஆக்குவது, `Presence`-க்கு மாற்றுவது. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. `Campaign`-ஐ இரண்டாகப் பிரிக்கும் வேலையை நிதானமாகக் கடை விடுமுறை நாளில் உட்கார்ந்து செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், வடக்கு வட்டத்தைப் பற்றி அதை வைத்துப் பேசலாம்.